பதினோரு பேர் குடியிருந்த வீடு

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்குப் பிரேக் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் ராசாத்திக்குத் தெரியாத ஆள் கிடையாது. முகத்தைப் பார்த்துத் தெரியாவிட்டாலும் நேரத்தைப் பார்த்துத் தெரியும். எட்டு ஐம்பத்தெட்டுக்கு வருகிறவர் யார், ஒன்பது பதினான்குக்கு மூச்சிரைக்க ஓடிவருகிறவர் யார், மாமியார் ஊரிலிருந்து வந்தால் மட்டும் சீக்கிரம் கிளம்பி வருகிற மகராசன் யார் என்று வரிசையாகச் சொல்லுவாள். டைம் ஆபீஸ் எழுத்தர் வேலை. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் வருவதையும் போவதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் பேரில் ஒரு தாமதம்கூட இல்லை.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் தங்கதுரை வேறொரு ஆலையில் மெஷின் செட்டர். முதலில் கேன்டீனில் டோக்கன் கிழித்துக் கொடுத்தாள். அப்புறம் அட்டை குத்தும் காலம், விரல் வைக்கும் காலம், இப்போது முகம் காட்டும் காலம். மெஷின்கள் மாறின, அவள் நாற்காலி மாறவில்லை. குணமும் மாறவில்லை. அது ஒரே குணம்தான்: ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒருவன் லீவு போட்டால் காரணத்தைப் படிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் கையில் ஜூன் இரண்டாம் தேதி அந்த ஆணை வந்து விழுந்தது.

கொரோனாக் காலத்தில் வீட்டுக்குப் போன ஆபீஸ்காரர்கள், டிசைன், பர்ச்சேஸ், கணக்குப் பிரிவு என்று நூற்று நாற்பது பேர், இன்னும் பாதி நாள் வீட்டிலேயே இருந்தார்கள். தோன்றினால் வருவார்கள், தோன்றாவிட்டால் இல்லை. இனிமேல் அப்படிக் கிடையாது என்றது ஆணை. குழுத் தலைவர்கள் ஜூலை ஒன்று முதல் தினமும் வர வேண்டும். மற்றவர்கள் ஆகஸ்ட் நான்கு முதல் வாரத்தில் மூன்று நாளாவது வர வேண்டும், அதில் செவ்வாயும் வியாழனும் கட்டாயம். ஒன்பதே காலுக்குள் முகம் காட்டியாக வேண்டும். மாதத்தில் இரண்டு தாமதம் மன்னிப்பு, மூன்றாவதுக்கு அரை நாள் விடுப்பு கழியும். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் நடுவே எட்டு மணி நேரம் இல்லையென்றால் அதுவும் அரை நாள். கம்பெனி வேலையாக வெளியே போகிறவர்கள் போவதற்கு முன்பே அதிகாரியிடம் சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே தினமும் வருகிற ஆபீஸ் ஆட்களுக்கு இந்த நேர விதிகள் அன்றைக்கே அமல்.

விலக்கும் இருந்தது. நிறைமாதக்காரிகள், கைக்குழந்தைக்காரிகள், டாக்டர் சான்றிதழ் உள்ள நோயாளிகள், சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவர்கள். கடைசியாக ஒன்று: கூடவே ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையோ பெற்றோரோ துணையோ அதே வீட்டில் இருப்பவர்கள். விலக்கு கிடைத்தால் ஆறு மாதத்துக்கு வாரம் ஒருநாள், வியாழக்கிழமை மட்டும் வந்தால் போதும். ஜூன் இருபது மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று பேர் குழு இருபத்தேழாம் தேதிக்குள் முடிவு சொல்லும். முகவரி விஷயத்தில், ஆணை வந்த அன்று கம்பெனிப் பதிவில் இருந்ததே செல்லும். ஆணையைப் பார்த்த கையோடு எல்லோரும் பர்கூருக்கும் கல்லாவிக்கும் குடிபோய்விடக் கூடாதே, அதற்காக.

நோட்டீஸ் போர்டுக்கான தமிழ்ப் பிரதியை ராசாத்திதான் எழுதினாள். கேன்டீன் வாசலில் அதை ஒட்டியதும் மெஷின் ஓட்டுகிற ஷாப்ஃப்ளோர் ஆட்கள் கூடி நின்று படித்தார்கள். ஒருநாளும் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழியில்லாதவர்கள் அவர்கள்.

"இன்னாம்மா, இத்தினி வருஷமா நாங்க வந்துக்கினு போயிக்கினுதான இருக்கோம், எங்களுக்கு யாரும் லெட்டரு குடுக்கல," என்றார் வாசல் காவலர் திம்மப்பன். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் கிண்டல் செய்யத் தெரிந்தவர்.

"நீங்க இந்த வாசல் கேட்டை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா ஒங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கும்ணே," என்றாள் ராசாத்தி.

விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. அறுபத்து மூன்று. அவற்றில் காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. கரும்பு தின்னக் கூலியா என்பார்களே, அந்தக் கதைதான். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்து படித்தாள். கல்லாவிக்காரர் ஒருவருக்குத் தூரம் நூறு கிலோமீட்டரைத் தொடும், அவர் விண்ணப்பம் ஒரே நாளில் உள்ளே போனது. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் ஐம்பதைத் தாண்டுவதற்காக ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிற பாதையாகப் பார்த்து அளந்து படம் இணைத்திருந்தார். இன்னொருவர் தன் நாய்க்குத் தன்னைப் பிரிந்தால் காய்ச்சல் வருகிறது என்று கால்நடை மருத்துவரிடமே சான்றிதழ் வாங்கியிருந்தார். ராசாத்தி அதை மூன்று முறை படித்தாள். ஐந்து வருடமாக வெறும் பெயராக இருந்தவர்களுக்கு இப்போதுதான் வீடும் நாயும் முளைக்கின்றன என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினாறாம் தேதி மனிதவள மேலாளர் கௌதம் கூப்பிட்டான். வயது முப்பத்தொன்று. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மரியாதையான பையன், எதையும் சத்தம் போட்டுக் கேட்கமாட்டான்.

"மேடம், தூரம் கணக்குப் பண்றதுக்காக எல்லார் அட்ரஸையும் மேப்ல போட்டேன். ஒண்ணு புரியல." திரையைத் திருப்பிக் காட்டினான். ஓசூர் ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரே இடத்தில் புள்ளிகள் ஈசல் மாதிரி மொய்த்திருந்தன. "பதினாலாம் நம்பர், ரெண்டாவது குறுக்குத் தெரு. நம்ம ஸ்டாஃப் பதினோரு பேரு இந்த ஒரே வீட்டுல இருக்காங்க. லாட்ஜா மேடம் இது?"

ராசாத்திக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் தெரியும். லாட்ஜ் இல்லை. ஒரு படுக்கையறை, ஓர் அடுப்படி, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. மூன்று வருடத்துக்கு முன்னால் வரை அவளும் தங்கதுரையும் மகளும் வாடகைக்கு இருந்த வீடு.

"பார்த்துச் சொல்றேன் சார்," என்று வெளியே வந்தாள். மற்றவர் காரணத்தைத் துருவியே பழகியவளை, ஒருத்தன் துருவுவது அதுதான் முதல் தடவை.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து இருபதில் எல்லையை மூடினார்கள். ஜூஜூவாடியில் தடுப்பு வைத்து, கர்நாடகப் பக்கமிருந்து வருகிறவர்களைப் பாஸ் இல்லாமல் விடவில்லை. அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் குடியிருந்துகொண்டு இங்கே வேலை பார்த்த பதினோரு பேர் வாரம் ஒருமுறையாவது வந்து கையெழுத்தும் கணினி வேலையும் பார்த்துப் போக வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட பாஸ் ஒன்று வரும், ஒன்று வராது. அப்போதிருந்த அதிகாரி, "எப்படியாவது ஆள் உள்ளே வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ராசாத்தி யோசித்தாள். ஓசூர் முகவரி போட்ட கம்பெனிக் கடிதம் இருந்தால், உள்ளூர் ஆள் வீடு திரும்புகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். பதினோரு பேருக்கும் ஓசூர் முகவரிக்கு எங்கே போவது? அவளுக்குத் தெரிந்த ஒரே முகவரி அவளுடையது. கடிதமும் பதிவும் ஒத்துப்போக வேண்டுமே என்று ஒரே மதியத்தில் பதினோரு பேர் பதிவையும் மாற்றினாள். கடிதத்தில் தேதியையும் ஒரு வாரம் முன்னதாகப் போட்டாள். காலையில் வரும்போது கம்பெனிக் கடிதம், மாலையில் போகும்போது கர்நாடக முகவரி உள்ள ஆதார் அட்டை. எல்லை திறந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். எல்லை திறந்தது. யாரும் மாற்றவில்லை. வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறவனுக்கு முகவரி எதற்கு?

பதினோரு பேரில் பத்துப் பேருக்கு இதனால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஆகஸ்டில் பேசாமல் வந்துவிடுவார்கள். பதினோராவது ஆள் சுசித்ரா.

சுசித்ரா டிசைன் பிரிவில் வரைபடம் சரிபார்ப்பவள். முப்பத்தாறு வயது, அத்திப்பள்ளிக்காரி. மற்றவர்கள் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் மகனுக்கு எட்டு வயது, வலிப்பு நோய். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் பக்கத்தில் ஆள் இருந்து ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். புருஷன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்கமாட்டார். அவள் கேட்டது அந்தக் கடைசி விலக்கு. மகனின் மருத்துவச் சான்றிதழில் அத்திப்பள்ளி முகவரி இருந்தது. கம்பெனிப் பதிவில் ராயக்கோட்டை ரோடு. "முகவரி பொருந்தவில்லை" என்று இணையதளம் தானாகவே திருப்பி அனுப்பிவிட்டது.

ராசாத்தியை அரித்த கேள்வி இதுதான். அரை மில்லிமீட்டர் விடாதவள், பத்து கிலோமீட்டர் பிசகை ஐந்து வருடமாக எப்படி விட்டு வைத்தாள்?

பதினெட்டாம் தேதி சுசித்ரா நேரிலேயே வந்தாள், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு. வாசலில் இருந்த முகம் பார்க்கும் மெஷின் முன்னால் பையன் எம்பி எம்பி நின்றான். அது ஒவ்வொரு தடவையும் 'மீண்டும் முயலவும்' என்றது. அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. திம்மப்பன் கன்னடத்தில் ஏதோ சொல்லி அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, திரும்பவும் அனுப்பிப் பார்த்தியா?" என்றாள் ராசாத்தி.

"மூணு வாட்டி அனுப்பிட்டேன் அக்கா. திரும்பிடுது. அட்ரஸ் மாத்தலாம்னு பார்த்தா அதுவும் லாக். இவன விட்டுட்டு வாரத்துக்கு மூணு நாள் எப்டி அக்கா வர்றது? ஆகஸ்டுக்கு முன்னாடியே பேப்பர் போட்டுடறேன்." பேப்பர் என்றால் ராஜினாமா. சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. முன்னமே அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று ராசாத்திக்குப் புரிந்தது.

"கௌதம் சாருகிட்ட உண்மையச் சொல்லுறதுதான? நான் அத்திப்பள்ளியிலதான் இருக்கேன், அட்ரஸ் தப்புன்னு."

"அப்ப யாரு மாத்தினாங்கன்னு கேப்பாரு."

ராசாத்தி கௌதமின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேடக்கா," என்றாள் சுசித்ரா, வேண்டாம் என்று கன்னடத்தில். "எங்க யாருக்கும் அப்ப வேல போவல, நீங்க செஞ்சதாலதான். ஒங்க பேரு என் வாயால வராது."

ராசாத்திக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இவள் வாயை மூடிக்கொண்டு வேலையை விட்டுவிடுவாள், தான் வாயை மூடிக்கொண்டு வேலையில் இருந்துவிடலாம். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிகிறது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏன் மாற்றாமல் விட்டாய் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பையன் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் காலை இட்லி வைக்கும்போது தங்கதுரையிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் இட்லியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொய் ரெக்கார்டுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாகளா?"

"அனுப்பலாம். மெமோ குடுக்கலாம். தெரியலை."

"சும்மா கிடந்தா?"

"சும்மா கிடந்தா அந்தப் புள்ள வேலைய விட்டுரும்."

தங்கதுரை கையைக் கழுவிவிட்டு வந்தார். "அந்தப் பதினோரு பேரும் நம்ம வீட்டுல குடியிருந்ததா எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. ஒரு பய வாடகையில பங்கு தரலை," என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே, "போயிச் சொல்லிரு. சொல்லாட்டி நீ ராத்திரி பகலா ஏன் ஏன்னு எங்கிட்டதான் கேட்டுக்கிட்டுத் திரிவ. என்னால ஆகாது," என்றார்.

பீரோ மேல்தட்டில் ஒரு பழைய ஃபைல் இருந்தது. ராசாத்தி காகிதம் எதையும் எறிகிறவள் இல்லை. பதினோரு கடிதங்களின் நகலும், அதற்கு முந்தைய வருடத்துக் கம்பெனி பஸ் பட்டியலும் அதில் இருந்தன. பட்டியலில் சுசித்ரா பெயருக்கு நேரே ஏறும் இடம் அத்திப்பள்ளி சர்க்கிள் என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஃபைலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கௌதம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தான். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம்," என்றான். "சிஸ்டத்துல யாரு எப்ப மாத்தினாங்கன்னு பதிவாகும். பதினோரு மாற்றம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள, உங்க லாகின். யாருன்னு தெரிஞ்சுது. ஏன்னுதான் தெரியல. நீங்களே வந்து சொல்வீங்களான்னு பார்த்தேன்."

ராசாத்திக்கு அவமானமாகவும் இருந்தது, ஒரு பக்கம் சிரிப்பாகவும் வந்தது. ஏன் என்ற சீக்கு அவளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

"இப்ப என்ன சார் செய்யணும்?"

"ஊழியர் புதுசா அட்ரஸ் மாத்தினா செல்லாது. ஆனா நம்ம ஆபீஸ் செஞ்ச தப்ப நம்ம ஆபீஸ் திருத்தலாம். அதுக்கு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், தப்பு செஞ்சது நான்னு. அதை வச்சு உங்க மேல நடவடிக்கை வரும். நான் தடுக்க முடியாது."

"அது வரட்டும் சார். அந்தப் புள்ளைக்குக் கிடைச்சிருமா?"

"குழுல ஒருத்தர் நேர்ல போய் வீட்டப் பார்த்து உறுதி பண்ணினா, மறுபடி உள்ளே எடுத்துக்கலாம். நான் போறேன். நாளைக்குத்தான் கடைசி நாள். வழி காட்ட நீங்க வர்றீங்களா?"

வழி தெரியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் போகிற வழக்கமே அவளுக்கு இல்லை. பெங்களூருக்கு மகளைப் பார்க்கப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர் அது, அவ்வளவுதான். இருந்தாலும் வருகிறேன் என்றாள். அன்றைக்கே வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம். 'கடிதத்தில் முன்தேதி இட்டதும் நானே' என்ற வரியை யாரும் கேட்காமல் அவளாகவே சேர்த்தாள்.

இருபதாம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கௌதமின் காரில் கிளம்பினார்கள். எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பத்து கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் பிடித்தது. கௌதம் அடிக்கடி மணியைப் பார்த்தான். ராசாத்தி கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தமிழ் குறைந்து குறைந்து கன்னடம் முழுசாக வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சுசித்ராவின் வீடு ஒரு மளிகைக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. ராசாத்தி பன்னிரண்டு வருடமாக இவள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியிருக்கிறாள். எங்கிருந்து வந்தாள், எங்கே போனாள் என்று இப்போதுதான் பார்க்கிறாள். கூடத்தில் ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் இரண்டு திரைகள், ஒன்றில் ஏதோ பிரேக் பாகத்தின் படம், சிவப்புச் சுழிகளோடு. மேஜைக்கு அடியிலேயே தடித்த பாய் விரித்து, அதன் மேல் பையன் படம் வரைந்துகொண்டிருந்தான். நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டினால் அவன் முதுகு தட்டுப்படும்.

"கால் அவன்மேல பட்டுக்கிட்டே இருக்கும் அக்கா," என்றாள் சுசித்ரா. "ஒடம்பு விறைச்சா ஒடனே தெரிஞ்சிடும். ஸ்கிரீனப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

கௌதம் அந்தப் பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதத் தொடங்கினான். மின் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், மகனின் அட்டை, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தான். அப்போதுதான் ராசாத்தியின் கண்ணில் அது பட்டது. வாசல் கதவுக்குப் பின்னால், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு காகிதம் தொங்கியது. கம்பெனி முத்திரை. பதினாலாம் நம்பர், ரெண்டாவது குறுக்குத் தெரு. கீழே அவளுடைய கையெழுத்து.

"இத ஏத்தா இன்னும் மாட்டி வச்சிருக்க?" இரண்டு நாளாக நாக்கில் நின்ற கேள்வி கடைசியில் வந்துவிட்டது. "அத்தனை கரெக்டா இருக்கிறவ, ரெக்கார்டையும் ஏன் மாத்தாம விட்ட?"

சுசித்ரா பையனைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"இவனுக்கு மூணு வயசுல மொத வாட்டி வந்துச்சு அக்கா. எல்லை மூடியிருந்த டைம். மத்தியானம். அவரு ஊர்ல இல்ல. இங்க ஆஸ்பத்திரியில எல்லாம் கொரோனா பெட்டு, எடுக்கல. கீழ் வீட்டு ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓசூருக்கு வந்தேன். செக்போஸ்டுல விடல. பாஸ் எங்கன்னாங்க. அழுதேன், கேக்கல. ஹேண்ட்பேக்ல இந்த லெட்டர் இருந்துச்சு. காட்டினேன். ஓசூர்லயே வீடா, அப்ப போம்மான்னு விட்டாங்க. பத்து நிமிஷம் லேட்டுன்னா என்னா ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் திருப்பிச் சொல்லமாட்டேன்."

கௌதமின் பேனா நின்றிருந்தது.

"இவனுக்குப் பாக்குற டாக்டர் இன்னும் ஓசூர்லதான். மறுபடி எப்ப மூடுவாங்களோ யாருக்குத் தெரியும்? ரெக்கார்ட மாத்திட்டா இந்த லெட்டரு பொய்யாயிடும்ல. அதுக்குத்தான் அக்கா மாத்தல. தப்புன்னு தெரியும்."

ராசாத்தி பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆள் வேலைக்கு வர வேண்டும் என்று எழுதிய கடிதம். ஒரு மதியத்தில் பதினோரு முறை அச்செடுத்த காகிதம். அது இன்னொரு மதியத்தில் என்ன செய்தது என்று ஐந்து வருடமாக அவளுக்குத் தெரியாது. பையன் அவள் பக்கம் நகர்ந்து, தான் வரைந்ததைக் காட்டினான். முகம் பார்க்கும் மெஷின். அதில் பெரிதாக ஒரு முகம் சிரித்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"இந்த லெட்டர் ஒரிஜினல ஃபைல்ல வைக்கணும்," என்றான் கௌதம் மெதுவாக.

சுசித்ரா ஆணியிலிருந்து அதை எடுக்கக் கையை நீட்டினாள், எடுக்கவில்லை. கௌதம் அவளையும் பாயில் இருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். "நகல் இருக்கே, போதும்," என்று போனை எடுத்தான்.

நாலு நாற்பதுக்கு விண்ணப்பம் உள்ளே போனது. முகவரிக் கட்டத்தில் ராயக்கோட்டை ரோடு போய் அத்திப்பள்ளி வந்திருந்தது. இந்தத் தடவை இணையதளம் திருப்பி அனுப்பவில்லை. திரும்பும் வழியில் எல்லையில் இன்னும் நெரிசல். கம்பெனி விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது. கௌதம் ராசாத்தியை அவள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டான்.

இருபத்தேழாம் தேதி குழுவின் முடிவு வந்தது. சுசித்ராவுக்கு ஆறு மாத விலக்கு, வியாழக்கிழமை மட்டும் வந்தால் போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நாய்க்காரருக்குக் கிடைக்கவில்லை. அதே தபாலில் ராசாத்திக்கும் ஒரு உறை வந்தது. எச்சரிக்கை மெமோ, பதிவுகளைத் திருத்தும் உரிமை ரத்து. இனிமேல் பார்க்கலாம், படிக்கலாம், யார் பெயரிலும் எதையும் மாற்ற முடியாது. வேலை தப்பியது. இருபத்திரண்டு வருடக் கோப்பில் முதல் கறை. வலித்தது. வலிக்கவில்லை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

முப்பதாம் தேதி மாதக் கடைசிப் பட்டியல் எடுத்தாள். அரை நாள் கழிகிறவர்கள் பெயர் வரிசையாக வந்தது. ஏழாவது பெயரில் அவள் விரல் நின்றது. ராசாத்தி. ஜூன் இருபது. உள்ளே எட்டு ஐம்பத்தைந்து, வெளியே பதிவில்லை.

முன்கூட்டியே வாங்க வேண்டிய சீட்டு. வாங்க மறந்திருந்தாள். தான் தமிழில் எழுதி ஒட்டிய விதியைத் தானே மறந்திருந்தாள்.

கௌதம் பட்டியலைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "அய்யோ மேடம், என் தப்பு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். சீட்டு குடுங்க, இருபதாம் தேதி போட்டு இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ராசாத்தி தலையை ஆட்டினாள். "வேணாம் சார். முன்தேதி போட்டு ஒரு தடவை எழுதியாச்சு. அது ஒண்ணே போதும்."

அவன் போன பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பினாள். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ஊழியர் தானே நிரப்ப வேண்டியது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் ஊரார் எழுதியதையெல்லாம் சோறு ஆறிப்போவது தெரியாமல் படித்தவள். அவள் எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'அத்திப்பள்ளி போயிருந்தேன். ஒரு கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டைப் பார்க்க.'